பதினாறு வினாடிக்கு ஒரு தடவை மூடுபனி குதித்தால்: பாடசாலைச் செய்தி வீடியோவின் பின்னணியும் பெயர்ப்பட்டையும்

ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் வாராவாரம் பிள்ளைகள் ஐந்து நிமிடச் செய்தி வீடியோ செய்கிறார்கள். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் மண்டபத்து டிவியில் போடுவோம், அப்புறம் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போகும். அறிவிப்பாளர் ஒரு சட்டத்துக்குள் தெரிவார். அவருக்குப் பின்னால் தேயிலை மலையும், தூரத்தில் சிவனொளிபாதமலையின் முக்கோண நிழலும், அவற்றின் மேல் நகரும் மூடுபனியும் இருக்கும். கீழே பேசுபவரின் பெயர் வரும். அந்தப் பனியும் அந்தப் பெயரும் என்னென்ன விதமாகப் பிழைத்தன, எதைப் பார்த்து எதைத் திருத்தினோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் பின்னால் வரும் எண்கள் புரியும்.

ஆய்வுகூடத்துக் கணினிகள் பழையவை. அதனால் முப்பரிமாண மென்பொருள் எதற்கும் போகாமல் மூன்று படங்களை மட்டும் ஜிம்ப்பில் வரைந்தோம். `malai.png` அசையாத மலை, 1920 × 1080. `mel.png` மேலே போகும் மெல்லிய பனி. 960 பிக்சல் அகலத் துண்டு ஒன்றை மூன்று முறை பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியதால் அது 2880 அகலம், 300 உயரம். `keezh.png` கீழே போகும் அடர்ந்த பனி. 1920 அகலத் துண்டு இரண்டு முறை, ஆக 3840 அகலம், 400 உயரம். இரண்டு பனிப் படங்களுக்கும் பின்புலம் ஒளிபுகும். பிறகு ffmpeg என்ற கட்டளைவழி மென்பொருள் இந்த மூன்றையும், திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சிறு லூப் வீடியோவாகச் சேர்க்கிறது:

```
ffmpeg -framerate 30 -loop 1 -i malai.png -framerate 30 -loop 1 -i mel.png -framerate 30 -loop 1 -i keezh.png -filter_complex "[0:v][1:v]overlay=x='-mod(2*n,960)':y=180[a];[a][2:v]overlay=x='-mod(4*n,1920)':y=520" -frames:v 480 -an -c:v libx264 -crf 16 -pix_fmt yuv420p loop.mp4
```

இதில் n என்பது பிரேமின் எண். கீழ்ப்பனி ஒரு பிரேமுக்கு 4 பிக்சல் நகர்கிறது, 480 பிரேமில் 1920 பிக்சல். அதாவது துண்டு சரியாக ஒரு முழு அகலம் நகர்ந்து பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. மேல்பனி 2 பிக்சல் வீதம் 960 நகர்ந்து, அதுவும் அதே 480இல் வீடு திரும்புகிறது. வினாடிக்கு 30 பிரேம் என்றால் 480 பிரேம் 16 வினாடி. பக்கத்துப் பனி வேகமாகவும் தூரத்துப் பனி மெதுவாகவும் போவதால் படத்துக்கு ஆழம் கிடைக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சுற்றை முடிப்பதால், லூப்பின் முடிவும் தொடக்கமும் சேரும் தையல் தெரிவதில்லை.

பின்னால் சொல்லப்போகும் கீழ்ப்பனியின் y எண்ணைத் தவிர, இது கடைசியில் வந்து சேர்ந்த வடிவம். வழியில் பார்த்தவை இனி.

முழுப் படமும் ஒரே நேரத்தில் குதிக்கிறது, அல்லது ஒரு கணம் நின்று போகிறது

இந்த இரண்டும் பார்வைக்கு ஒரே கோளாறு மாதிரித் தோன்றும். காரணம் வேறு வேறு. அதனால் முதலில் எது என்று பிரித்தறிய வேண்டும்.

லூப்பை இரண்டு முறை ஓடும் ஒரு கோப்பாக்குங்கள்:

```
ffmpeg -stream_loop 1 -i loop.mp4 -c copy sodhanai.mp4
```

அதை ஷாட்கட் எடிட்டிங் மென்பொருளில் திறந்து 15ஆவது வினாடிக்குப் போய், வலது அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஒரு தட்டுக்கு ஒரு பிரேம். பனியில் தெளிவாகத் தெரியும் ஒரு ஓரத்தைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். தையலைத் தாண்டும்போது அந்த ஓரம் வழக்கத்தைவிட அதிகமாகத் தாவினால், பனி தன் சுற்றை முடிக்கவில்லை. அந்த ஒரு தட்டுக்கு மட்டும் ஓரம் அசையாமல் நின்றால், ஒரே படம் இரண்டு தடவை வருகிறது.

தாவினால் கணக்கைப் பாருங்கள். துண்டின் அகலத்தை ஒரு பிரேமுக்கான நகர்வால் வகுத்தால் வரும் எண், உங்கள் மொத்தப் பிரேம் எண்ணிக்கையை மீதியில்லாமல் வகுக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் முதலில் லூப்பை “ஒரு பதினைந்து வினாடி” என்று வைத்துவிட்டார்கள். 450 பிரேம். கீழ்ப்பனி 1800 பிக்சல்தான் போயிருந்தது, மிச்சம் 120 பிக்சலை ஒரே தாவலில் தாண்டியது. மேல்பனியும் 60 பிக்சல் பின்தங்கியிருந்தது. எத்தனை வினாடி வேண்டும் என்று முதலில் முடிவு செய்யக் கூடாது. அகலத்தையும் வேகத்தையும் முடிவு செய்யுங்கள், நேரம் அதிலிருந்து தானாக வரும்.

நின்றால் பெரும்பாலும் ஒரு பிரேம் கூடியிருக்கும். “முதல் படமும் கடைசிப் படமும் ஒன்றாக இருக்க வேண்டும்” என்று பலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அங்கேதான் இந்தப் பிழை பிறக்கிறது. 481ஆவது பிரேம் முதல் பிரேமோடு ஒத்துப்போக வேண்டும், ஆனால் அந்த 481ஆவது பிரேம் கோப்பில் இருக்கவே கூடாது. 480ஓடு நிறுத்தினால் அடுத்த சுற்றின் முதல் பிரேமே அந்த இடத்தை நிரப்பிவிடும். எத்தனை பிரேம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க:

```
ffprobe -v error -count_frames -select_streams v:0 -show_entries stream=nb_read_frames -of csv=p=0 loop.mp4
```

480 என்று வந்தால் சரி. கீபிரேம் வைத்து அசைக்கும் மென்பொருளில் செய்பவர்களுக்கும் இதே விதிதான்: கடைசிக் கீபிரேமை 481இல் வைத்துவிட்டு, 1 முதல் 480 வரை மட்டும் வெளியே எடுங்கள். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு கீபிரேம்களுக்கு நடுவே மென்மையாகத் தொடங்கி மென்மையாக முடியும் அசைவு சில மென்பொருள்களில் இயல்பாகவே வந்துவிடும். அப்போது பிரேம் கணக்கு சரியாக இருந்தாலும் பனி தையலுக்கு வரும்போது மெல்ல அடங்கி மறுபடி எழும். அதை நேர்கோட்டு அசைவாக மாற்றினால் போய்விடும்.

தையலில் கறுப்பாக ஒரு கண் சிமிட்டல்

படம் எல்லாம் சரி, ஆனால் 16 வினாடிக்கு ஒருமுறை ஒரு பிரேம் மட்டும் கறுப்பாக வந்து போகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது, ஏனென்றால் நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை சத்தத்தில் இருந்தது.

அந்த வாரம் லூப்பை ffmpeg இல்லாமல் எடிட்டிங் மென்பொருளிலிருந்தே வெளியே எடுத்திருந்தேன். அது கேட்காமலே ஒரு மௌனச் சத்தத் தடத்தையும் சேர்த்துவிட்டது. ஏஏசி சத்தம் 1024 மாதிரிகள் கொண்ட பொதிகளாகத்தான் சேமிக்கப்படும். 16 வினாடிக்கு, 48,000 மாதிரி வீதத்தில், 768,000 மாதிரிகள். அது சரியாக 750 பொதி. ஆனால் குறியாக்கி முன்னால் கொஞ்சம் வெற்று மாதிரிகளைச் சேர்க்கும். அதனால் சத்தம் படத்தைவிட ஒரு கீற்று நீண்டுவிடுகிறது. சில மென்பொருள்கள் அந்த நீண்ட அளவையே கோப்பின் நீளமாக எடுத்துக்கொள்ளும். படம் முடிந்த பிறகும் சத்தம் முடியும் வரை காத்திருக்க, அந்த இடைவெளியில் கறுப்பு தெரிகிறது.

பின்னணி லூப்புக்குச் சத்தமே தேவையில்லை. எடுத்துவிடுங்கள்:

```
ffmpeg -i loop.mp4 -an -c:v copy loop_oomai.mp4
```

அப்புறம், டைம்லைனில் பத்தொன்பது துண்டுகளைக் கையால் அடுக்கும் வேலையும் வேண்டாம். ஒரு பிரேம் இடைவெளி விழுந்தால் அதுவும் இதே கறுப்புதான். `-stream_loop 18` என்று கொடுத்தால் லூப் 19 தடவை ஓடி 304 வினாடி வரும், ஐந்து நிமிடச் செய்திக்குப் போதும்.

செங்குத்தாக ஒரு கோடு திரையைக் கடந்து போகிறது

இது நேரத்தின் தையல் அல்ல, படத்தின் தையல். வேறுபாட்டைக் காண்பது எளிது: முழுப் படமும் குதிக்காது, ஒரு மெல்லிய கோடு பனியோடு சேர்ந்து வலமிருந்து இடமாக நடந்து போகும். துண்டின் வலது ஓரமும் இடது ஓரமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

ஜிம்ப்பில் பனித் துண்டைத் திறந்து Layer > Transform > Offset போய், அகலத்தில் பாதி நகர்த்தி, ஓரத்தில் வெளியேறியது மறுபக்கத்தில் நுழையும்படி விடுங்கள். இதுவரை ஓரங்களில் ஒளிந்திருந்த பொருத்தமின்மை இப்போது நடுவில் வந்து நிற்கும். மென்மையான பெரிய பிரஷ்ஷால் அந்த நடுப்பகுதியை மட்டும் கலந்துவிடுங்கள். ஓரங்களைத் தொடாதீர்கள், அவை இப்போது தாமாகவே பொருந்தியிருக்கின்றன. அதன் பிறகுதான் துண்டை இரண்டாக, மூன்றாக ஒட்ட வேண்டும். தரம் பத்துப் பிள்ளை ஒருத்தி பனி முழுவதையும் ஒரே நீளப் படமாக அழகாக வரைந்து வந்தாள். அதையும் இதே முறையில்தான் காப்பாற்றினோம்.

பனி நகர்கிறது, ஆனால் நடுங்கி நடுங்கி நகர்கிறது

தையலில் மட்டுமல்லாமல் எல்லா நேரமும் நடுக்கம் இருந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள்.

முதலாவது, ஒரு பிரேமுக்கான நகர்வு ஒற்றை எண்ணாகவோ பின்னமாகவோ இருப்பது. ffmpeg-இன் overlay சாதாரணமாக yuv420 வடிவில் வேலை செய்கிறது. அதில் நிறத் தகவல் இரண்டு பிக்சலுக்கு ஒன்றாகத்தான் இருக்கும், அதனால் படத்தை இரட்டைப்படை இடங்களில் மட்டுமே வைக்கும். 3 என்று கொடுத்தால் பனி ஒரு பிரேமில் 4, அடுத்ததில் 2, மறுபடி 4 என்று தள்ளாடும். 1 கொடுத்தால் ஒரு பிரேமில் 2 நகர்ந்து அடுத்ததில் நிற்கும். 2, 4, 6 என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. இன்னும் மெதுவான பனிதான் வேண்டும் என்றால் இரண்டு overlay-க்கும் `:format=rgb` சேருங்கள், 1 பிக்சல் நகர்வும் சீராக வரும். அப்போது மேல்பனி 960 பிரேமில் சுற்றை முடிக்கும் என்பதால் `-frames:v 960` ஆக்க மறக்க வேண்டாம். கீழ்ப்பனி அதற்குள் இரண்டு முழுச் சுற்றுப் போயிருக்கும், ஆகவே தையல் கெடாது.

இரண்டாவது, பிரேம் வீதம் பொருந்தாதது. இலங்கைத் தொலைக்காட்சி 25 பிரேம் முறை என்பதால் சிலர் பழக்கத்தில் எடிட்டிங் புராஜெக்டை 25இல் திறக்கிறார்கள். நமது லூப் 30. வினாடிக்கு ஐந்து பிரேம்களை மென்பொருள் தூக்கி எறிய வேண்டும், ஒவ்வொரு எறிதலும் ஒரு சின்ன வெட்டு. கைபேசிகள் பெரும்பாலும் 30இல்தான் பதிவு செய்கின்றன, வீடியோவும் கணினியிலும் கைபேசியிலும்தான் பார்க்கப்படுகிறது. ஆகவே எல்லாவற்றையும் 30 ஆக்கினோம். ஷாட்கட்டில் Settings > Video Mode போய், எந்தக் கிளிப்பையும் போடுவதற்கு முன்பே HD 1080p 30 fps தேர்ந்தெடுங்கள். Automatic என்று விட்டால் முதலில் போடும் கிளிப் எந்த வீதமோ அதுவே புராஜெக்டின் வீதமாகிவிடும்.

லூப் கோப்பைத் தனியாக ஓட்டினால் சீராகவும், இறுதி வீடியோவில் நடுக்கமாகவும் இருந்தால் இரண்டாவது காரணம். தனியாகவும் நடுங்கினால் முதலாவது.

பெயருக்குப் பதிலாக Nfhfpyh என்று வருகிறது

கோகிலா என்ற பெயரை பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறார்கள். பாடசாலை அலுவலகத்திலிருந்து வரும் பெயர்ப்பட்டியல்களில் இதை அடிக்கடி பார்ப்போம். பாமினியில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகளே. f என்ற இடத்தில் க வடிவமும், y என்ற இடத்தில் ல வடிவமும் வரையப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனதும் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.

எல்லாக் கணினியிலும் பாமினியை நிறுவுவது தீர்வு போலத் தோன்றும். ஆனால் அந்தப் பெயரைத் தேடவும் முடியாது, கைபேசியில் அனுப்பவும் முடியாது. யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிகள் உண்டு, ஆனால் வாரத்துக்கு எட்டுப் பத்துப் பெயர்தான் என்பதால் நாங்கள் கையால் திரும்பத் தட்டுகிறோம். தட்டி முடித்ததும் அந்தந்தப் பிள்ளையிடமே காட்டிச் சரிபார்க்கிறோம். முன்னெழுத்து ‘ஆர்.’ என்றா ‘இரா.’ என்றா என்பது பட்டியலுக்குத் தெரியாது, அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். தன் பெயர் திரையில் தப்பாக வந்தால் ஒரு பிள்ளை அந்த வாரம் முழுவதும் தலை நிமிர மாட்டாது. இதில் அவசரப்படக் கூடாது.

எழுத்து தமிழ்தான், ஆனால் கொம்பு தப்பான இடத்தில்

இதிலும் இரண்டு வகை. புள்ளிகளால் ஆன ஒரு சிறு வட்டம் தெரிந்தால், தட்டிய வரிசை தப்பு. பாமினிப் பழக்கத்தில் கொம்பை முதலில் தட்டி, பிறகு க தட்டுகிறார்கள். யூனிகோடில் மெய்யெழுத்து முதலில், கொம்பு பிறகு. கொம்புக்கு முன்னால் எழுத்து இல்லாததால், அதன் இடத்தில் அந்த வட்டம் வருகிறது. அழித்துவிட்டு க முதலிலும் கொம்பு பிறகும் தட்டுங்கள்.

வட்டம் இல்லை, ஆனால் கோகிலாவில் முதல் க தனியாக நிற்க, அதன் கொம்பு தள்ளிப்போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால், தட்டியதில் பிழையில்லை. எழுத்தை வரையும் மென்பொருள் தமிழின் வடிவ ஒழுங்கை அறியாமல், குறிகளைச் சேமித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்துவிடுகிறது. ffmpeg-இன் பழைய பதிப்புகளில் drawtext இப்படித்தான் செய்யும். சில எடிட்டிங் மென்பொருள்களின் தலைப்புக் கருவிகளும் அப்படியே. ஒரு சோதனைச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்: “கோகிலா கௌரி ஸ்ரீ தை”. இது சரியாக வந்தால் மற்றவையும் பெரும்பாலும் வரும்.

நாங்கள் இந்தப் பிரச்சினையையே சுற்றிப் போகிறோம். பெயர்ப்பட்டையை இங்க்ஸ்கேப்பில் ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ எழுத்துருவில் எழுதி, 1920 × 1080 அளவு பின்புலமில்லாத PNG படமாக எடுத்துவிடுவோம். பெயர் 56 பிக்சல், கீழே வகுப்போ பொறுப்போ 38 பிக்சல். படமாகிவிட்ட பிறகு எந்தக் கணினிக்குக் கொண்டுபோனாலும் எழுத்து கலையாது. மறுவாரம் பெயர் மாற்ற SVG கோப்பு இருக்கிறது.

பெயர் சற்று நேரம் தெளிவு, சற்று நேரம் மங்கல்

எழுத்துருவில் பிழையில்லை, பனிதான் மறைக்கிறது. வெள்ளை எழுத்துக்குப் பின்னால் வெள்ளைப் பனி வரும்போதெல்லாம் பெயர் கரைந்துபோகும். அதே நேரத்தில், அதே 16 வினாடிக்கு ஒருமுறை மங்கினால் ஐயமே வேண்டாம்.

எங்கள் பட்டை 150 பிக்சல் உயரம், மேலிருந்து 822இல் தொடங்கி 972இல் முடியும். கீழ்ப்பனி 520இல் தொடங்கி 920 வரை. ஆக பட்டையின் மேற்பகுதி, பெயர் இருக்கும் இடமே, பனிக்குள். கட்டளையில் y=520 என்பதை y=400 ஆக்கினோம். பனி 800ஓடு முடிந்துவிட்டது. தேயிலைச் சரிவின் அடர்ந்த பச்சை பட்டைக்குப் பின்னால் வந்தது. அதோடு பட்டைக்கும் 80 வீதம் அடர்த்தியுள்ள கரும்பச்சை நிறம் கொடுத்தோம். எழுத்துக்குக் கறுப்பு நிழல் போடுவதைவிட இது நல்லது. வாட்ஸ்அப் சுருக்கும்போது மெல்லிய நிழல்கள்தான் முதலில் சிதையும்.

பட்டையைச் சுற்றிக் கறுப்புப் பெட்டி

அசையும் பெயர்ப்பட்டையை MP4 ஆக எடுத்திருக்கிறார்கள். வழக்கமான H.264 வீடியோவில் ஒளிபுகும் தன்மைக்கு இடமில்லை, வெறுமை எல்லாம் கறுப்பாகிவிடும். PNG படத்தை அப்படியே மேல் தடத்தில் போட்டு, ஷாட்கட்டின் வடிகட்டிகளால் மெல்லத் தோன்றி மறையச் செய்தால் போதும். பக்கவாட்டில் வழுக்கி வருவது போன்ற அசைவு வேண்டுமென்றால் வரிசைப் படங்களாக எடுத்து இப்படிச் சேருங்கள்:

```
ffmpeg -framerate 30 -i p_%04d.png -c:v qtrle -pix_fmt argb peyar.mov
```

கணினியில் சரி, மண்டபத்து டிவியில் பட்டையின் அடி வெட்டுப்படுகிறது

பழைய டிவிகள் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை மறைத்துவிடும். டிவியின் பட அமைப்பில் அதை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். ஆனால் அடுத்த வாரம் வேறு டிவியில் போட நேரலாம். எனவே எழுத்து எதுவும் நான்கு ஓரங்களிலும் பத்தில் ஒரு பங்குக்குள் போகக் கூடாது: இடம் வலம் 192 பிக்சல், மேல் கீழ் 108. பட்டை 972இல் முடிவதன் காரணம் இதுதான், 1080இலிருந்து 108 போக மிச்சம். இங்க்ஸ்கேப் மாதிரிக் கோப்பிலேயே இந்த நான்கு இடங்களிலும் வழிகாட்டிக் கோடு போட்டு வைத்திருக்கிறோம். நீளமான பெயர் வந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்ட விடுவதில்லை.